மணிக்குப் பத்து கிலோமீட்டர்

ஜெரினா பதினொரு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அதில் பெரும்பகுதி இடது பக்க இருக்கையில் கழிந்தது. பயிற்சி வண்டியில் அந்தப் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் கிடையாது. தண்டையார்பேட்டையில் கிளம்பி எர்ணாவூர் பாலம் வரை போய்த் திரும்புவது ஒரு வகுப்பு. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில் பாலம் கண்ணில் படுவதற்கு முன்பே வகுப்பு முடிந்துவிடும். லாரிக்கும் மதிலுக்கும் நடுவே வண்டியை நுழைத்து எடுப்பது எப்படி என்பதில் அவளுக்கு இணையாக அந்தப் பகுதியில் யாருமில்லை. இருநூறு பெண்களாவது அவளிடம் கற்று லைசென்ஸ் வாங்கியிருப்பார்கள்.

ரெஜினா கடைசியாகச் சேர்ந்தவள். திசையன்விளைப் பக்கத்துக் குடும்பம். கணவன் வெள்ளத்துரைக்கு வண்ணாரப்பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம். ஒரு நாள் கியர் மாற்றிக்கொண்டே ரெஜினா சொன்னாள், வீட்டுக்காரர் கேலி செய்கிறாராம். உங்க டீச்சரம்மா மூணாவது கியருக்கு மேல போயிருக்காங்களா என்று கேட்டாராம்.

ஜெரினா சிரித்தாள். அன்றைக்குச் சாயந்திரம் யோசித்துப் பார்த்தாள். ஐந்தாவது கியர் போட்டது எப்போது என்று நினைவுக்கு வரவில்லை. போட்டதே இல்லையோ என்றும் தோன்றியது.

அதற்குப் பிறகு அந்த எண்ணம் விடவில்லை. தான் ஓட்டத் தெரிந்தவளா, பிரேக் போடத் தெரிந்தவளா? இதை ஒரு மலையில்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று முடிவு செய்தாள். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பயிற்சி வண்டி பள்ளியினுடையது, அதைக் கேட்க முடியாது. வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்ட வேண்டும். வகுப்பு முடிந்ததும் கிடங்கு மதில் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு அவளும் ரெஜினாவும் போனில் திட்டங்களை ஒப்பிட்டார்கள். ஒரு வாரம் ஆனது. எந்த நிறுவனமும் பேசின் பிரிட்ஜைத் தாண்டி இவர்கள் பக்கம் வண்டி கொண்டுவந்து தருவதில்லை. பெரம்பூரில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

மண்ணடியில் ஒருவர் மலிவாகத் தருவதாகச் சொன்னார். டெபாசிட்டுக்குப் பதில் கமாலின் பைக்கையும் அதன் ஆர்.சி.யையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். கமால் ஜெரினாவின் கணவன், ராயபுரத்தில் வலையும் கயிறும் விற்கும் கடையில் வேலை. பைக்கைப் பற்றி அவனுக்குத் தயக்கம். ஜெரினா வேறு காரணத்துக்காக மறுத்தாள். வண்டியில் வெள்ளை நம்பர் பலகை. அது சொந்த வண்டி, வாடகைக்கு விடக் கூடாதது. ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் நிற்காது. வாடகைக்கு எடுத்து ஓட்டும் வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும்.

மிஞ்சியவை மூன்று. ஒன்றில் பெட்ரோலும் வாடகையோடு சேர்த்தி, ஆனால் வாடகை மணிக்கு இருநூற்று நாற்பது ரூபாய். அதை இருவரும் உடனே தள்ளினார்கள். இன்னொன்று மணிக்கு நூற்று அறுபது, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். மூன்றாவது மணிக்குத் தொண்ணூற்றைந்து. எடுக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து கிலோமீட்டர் இலவசம், அதற்கு மேல் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய். பின்னவை இரண்டிலும் பெட்ரோல் நம்முடையது. எடுக்கும்போது முள் எங்கே நின்றதோ அங்கேயே இருக்கும்படி நிரப்பித் திருப்பித் தர வேண்டும். கூடுதலாக இருந்தால் காசு கிடைக்காது, குறைந்தால் பிடித்துக்கொள்வார்கள். டெபாசிட் ஐயாயிரம், கணக்கு முடிந்ததும் திரும்பும்.

எல்லை இல்லாததை எடுக்கச் சொன்னாள் ரெஜினா. கூடப் போனாலும் மனசுக்கு நிம்மதி என்றாள்.

ஜெரினா கண்ணாடி வழியே சாலையைக் காட்டினாள். லாரிகள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன.

"மணிக்குப் பத்து கிலோமீட்டர்மா. இங்க ஒரு மணி நேரத்துல நாலு போறதுக்குள்ள உசுரு பூடுது. பத்த எவன் தாண்டப் போறான்?"

இது மடத்தனம் இல்லை. அந்தப் பக்கத்தில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. திருவொற்றியூர் எவ்வளவு தூரம் என்றால் முக்கால் மணி என்பார்கள், லாரி நின்றால் ஒன்றரை என்பார்கள். மலைக்குப் போனில் வழி பார்த்தபோது ஆறரை மணி நேரம் என்று வந்தது. அதற்குக் கீழே கிலோமீட்டரும் இருந்தது. அவள் கண் நேரத்தோடு நின்றுவிட்டது. போக வர, மேலே ஓர் இரவு தங்க, எல்லாம் சேர்த்து முப்பத்தாறு மணி நேரத்துக்கு எடுத்தாள். அதற்கு முந்நூற்று அறுபது கிலோமீட்டர் இலவசம். அவ்வளவையும் தீர்க்க முடியாது என்றே நினைத்தாள். டெபாசிட்டுக்குக் கட்டியது வாஷிங் மெஷினுக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம்.

சனிக்கிழமை விடியலில் பெரம்பூரில் வண்டியைத் தந்த பையன் சாவியைக் கமாலிடம் நீட்டினான். கமால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கு பைக் லைசென்ஸ் மட்டும்தான் நைனா. அவங்ககிட்ட குடு."

ஜெரினா வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் போனில் படம் எடுத்தாள். பெட்ரோல் முள் பாதியில் நின்றது, அதையும் எடுத்தாள். பிறகு வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

ஊரைத் தாண்டும்வரை எல்லாம் தெரிந்த வித்தைதான். செங்கல்பட்டுக்குப் பிறகு சாலை திறந்தது. நான்காவது கியர். எஞ்சின் இன்னும் வேகம் கேட்டது. அவள் கை தானாக மேலே நகர்ந்து ஐந்தாவதைப் போட்டது. சத்தம் சட்டென்று அடங்கியது. வண்டியே இல்லாமல் போவது போல இருந்தது. எதிரே வரும் வண்டிகள் தடுப்புக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் யாருமில்லை. யாருமில்லாத சாலையை அவள் அதற்கு முன் முழு அடைப்பு நாளில் மட்டும்தான் பார்த்திருந்தாள். ஏரி வந்தது, போனது. ஊர்ப் பெயர்ப் பலகைகள் படித்து முடிப்பதற்குள் பின்னால் விழுந்தன. இவ்வளவு ஊர்களா என்று நினைத்தாள்.

உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தியபோது போனில் செய்தி வந்திருந்தது. இலவசத் தூரத்தில் பாதிக்கு மேல் முடிந்தது. தவறாக வந்திருக்கிறது என்று முதலில் நினைத்தாள். வண்டிக்குப் போய் மீட்டரைப் பார்த்தாள். கிளம்பி மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. இருநூற்று ஐந்து கிலோமீட்டர் வந்திருந்தார்கள்.

மறுபடியும் பார்த்தாள். எர்ணாவூர் பாலத்துக்கு எத்தனை தடவை போய் வந்தால் இருநூற்று ஐந்து? எத்தனை மாதம்? அதை ஒரு காலைப் பொழுதில் கடந்துவிட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பயம் வர வேண்டியதுதான். அதற்கு முன்னால் மீட்டரை ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

பயமும் வந்தது. திட்டத்தை மாற்ற முடியுமா என்று தேடினாள். பயணம் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது என்றது போன். டீயோடு நின்ற கமாலிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

கமால் கயிறு அளப்பவன், மனக்கணக்கு உடனே வரும். இங்கிருந்தே திரும்பினால் அறுநூறு ரூபாயோடு போகும். மலைக்குப் போய்த் திரும்பினால் டெபாசிட் மொத்தமும் போகும், கையிலிருந்தும் கொஞ்சம் கொடுக்க வேண்டிவரும். எல்லை இல்லாத திட்டத்தை எடுத்திருந்தால் இரண்டாயிரத்துக்கு மேல் மிச்சம். அதைச் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டான்.

"திரும்பிடலாம்," என்றாள் ஜெரினா. "மெஷின் காசு."

"உன்ன ஒண்ணு கேக்கறேன். இப்படியே திரும்பினா நாளைக்கு ரெஜினாவுக்குக் கிளாஸ் எடுப்பியா?"

அவள் சாவியைக் கைக்குள் திருப்பிக்கொண்டிருந்தாள்.

கமால் தம்ளரை வைத்துவிட்டு வந்தான். "பெரம்பூர்ல ஏறினதுலேர்ந்து என் காலு கீழ பிரேக்க அமுக்கிக்கினே இருந்துச்சி. இங்க பிரேக்கே இல்லைனு தெரியும், ஆனாலும் அமுக்குது. செங்கல்பட்டு தாண்டினதும் தானா நின்னுடுச்சி. துணிய இன்னும் ஒரு வருசம் கையாலயே தோச்சிக்கலாம். நானும் தோய்க்கறேன். வண்டிய எடு."

"நீ தோய்ப்ப?"

"உன் துணிய மட்டும்தான். என்னுது கலீஜா கீது, அத நீ தோய்."

கள்ளக்குறிச்சி, ஆத்தூர், நாமகிரிப்பேட்டை. மலை தூரத்தில் நீலமாக இருந்தது, பிறகு பச்சையானது. அடிவாரத்துக் காரவள்ளியில் மீட்டர் முந்நூற்று அறுபதைத் தாண்டியது. அதன் பிறகு அவள் அதைப் பார்க்கவில்லை.

முதல் வளைவில் வண்டியை மூன்றாவது கியரில் எடுத்துத் திணறடித்தாள். இரண்டாவது வளைவிலும் அப்படியே. மூன்றாவது வளைவில் முன்கூட்டியே இரண்டாவது கியருக்கு இறங்கினாள். வண்டி மூச்சு விட்டு ஏறியது. வளைவுகளுக்கு எண் எழுதியிருந்தார்கள். கமால் கொஞ்ச நேரம் உரக்கப் படித்தான், அப்புறம் நிறுத்திக்கொண்டான். அவன் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே மரங்களின் தலைகள் இருந்தன. அவற்றுக்கும் கீழே அவர்கள் சற்று முன் வந்த சாலை, யாரோ மடித்துப் போட்ட நாடா போல.

நாற்பதுக்கு மேல் ஏதோ ஒரு வளைவில் மேலிருந்து அரசுப் பேருந்து இறங்கி வந்தது. வளைவு முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்ளும் என்று தோன்றியது. ஜெரினாவின் கால் பிரேக்குக்குப் போனது. அவள் ஊரில் பெரிய வண்டி வந்தால் சின்ன வண்டி ஒதுங்க வேண்டும், வேறு சட்டம் கிடையாது. ஆனால் பேருந்து நின்றது. வளைவுக்கு மேலேயே, மலையை ஒட்டி, முழுதாக நின்றது. ஓட்டுநர் கையை வெளியே நீட்டி வா என்று காட்டினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். லைசென்ஸ் பரீட்சைக்காக இருநூறு பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பதில் அது. எத்தனையாவது கேள்வி என்றுகூடத் தெரியும். பாலத்தைத் தவிர மேடு என்று எதுவுமே இல்லாத ஊரில் உட்கார்ந்து, பார்க்காததைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இங்கே அது நிஜமாக நடக்கிறது. இவ்வளவு பெரிய பேருந்து, அதற்குள் அத்தனை பேர், அவள் ஏறுவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

முதல் கியர். கிளட்சைப் பாதி விட்டு, வண்டி பின்னால் ஓர் அங்குலமும் நழுவாமல் ஏற்றினாள். பேருந்தைக் கடக்கும்போது சலாம் வைப்பதா, கையை ஆட்டுவதா என்று தெரியாமல் ஹாரனைத் தொட்டாள். ஓட்டுநர் தலையை அசைத்தார். அவருக்கு அது தினமும் நடப்பதுதான். ஜெரினாவின் கண் மங்கியது. அடுத்த வளைவு வந்துவிட்டது, துடைக்க நேரமில்லை.

டெபாசிட் திரும்பவில்லை. இதை எழுதுவதற்காக அவர்களோடு நான் பேசியபோது கமால் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அன்று மலையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். கமால் அருவியைச் சொன்னான், படிகளைச் சொன்னான், அன்னாசிப்பழம் தின்றதைச் சொன்னான். ஜெரினா ஒன்றைத்தான் சொன்னாள். கடைசி வளைவு முடிந்ததும் ஓரமாக நிறுத்தி இறங்கி, விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தாள். தரை மூட்டமாக, முடிவில்லாமல் கிடந்தது. ஏரிகள் காசு போல் மின்னின. கோடு கோடாகச் சாலைகள் தெரிந்தன. எந்தக் கோட்டில் வந்தோம் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அதுல ஒரு கோட்டுல நான் வந்திருக்கேன்," என்றாள் என்னிடம். "எதுன்னுதான் தெரியல."