அணைத்து வைத்த போன்

மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு ஓய்ந்த நேரத்தில்தான் ஷாயிஸ்தாவுக்கு அது தெரிந்தது. பதிவில் இருக்கும் கணவன் ஜாகீரின் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்ததால் அலமாரியிலிருந்து அவன் போனை எடுத்து உயிர்ப்பித்திருந்தாள். குரலுக்கு முன்னால் குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. ஒன்று ஊட்டிக் கல்லூரியிலிருந்து: தேர்வு முடிவுகள் தாமதமானதால், தற்காலிகச் சேர்க்கை பெற்றவர்கள் பட்டச் சான்றிதழைக் காட்ட அக்டோபர் பதினைந்து வரை நீட்டிப்பு.

அன்று பதினேழு.

ஆகஸ்டில் எம்.எஸ்சி. கணிதத்தில் அவளைச் சேர்த்துவிட்டவன் ஜாகீர்தான். இறுதியாண்டு முடிவு வராததால் உறுதிமொழிப் படிவம் தந்தார்கள். செப்டம்பர் முப்பதுக்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் சேர்க்கை ரத்து. அவளுக்கென்று தனி போன் இல்லாததால் தன் எண்ணையே எழுதினான். "நிக்காஹ்ல கூட இத்தனை கையெழுத்து கேக்கலீங்க" என்று அவன் சொல்ல, அலுவலகமே சிரித்தது.

மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுவது அவன் தொழில். ஜெகதளாவில் இருந்த தங்கள் வீட்டில் அவளுக்கென ஒரு மேஜையும் செய்யத் தொடங்கினான். செப்டம்பர் நடுவில் பர்லியார் மலைச்சாலை வளைவில் அவன்மீது லாரி மோதியது.

கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் ஷாயிஸ்தா இருந்தாள். வேலைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் மரணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல முடியாமல், ஜாகீரின் அண்ணன் ஹபீப் முகமது அந்தப் போனை அணைத்து வைத்தார். மாத இறுதியில் முடிவு வந்தது, தேறியிருந்தாள். ஆனால் சான்றிதழ் அவள் பட்டம் படித்த குன்னூர்க் கல்லூரிக்கு வந்தது அக்டோபர் மூன்றில்தான். அவள் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு ஹபீப் வாங்கி வந்தார்.

"ஊட்டிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம் மச்சான். முப்பது போயிருச்சு. நான்தானே கையெழுத்துப் போட்டேன்."

"பகல்ல அவசியத்துக்குப் போனா குத்தமில்லைம்மா. நானே கூட வர்றேன்" என்றார் மாமியார் ஹாஜிரா.

"அவரில்லாம எதுக்கு மாமி?" சான்றிதழ் புடவைகளுக்கு அடியில் போனது.

இப்போது அவள் கல்லூரி எண்ணை அழைத்தாள். எடுத்தது அலுவலகத்தின் ஜெஸிந்தா.

"ஷாயிஸ்தாவா? சான்றிதழ் எப்ப வந்துச்சும்மா?"

"மூணாந்தேதிங்க."

"மூணாந்தேதியா? ஐயோ, அப்பவே ஒரு போன் போட்டிருக்கலாமே! ரெண்டு மெசேஜ் அனுப்பினோம், கூப்பிட்டும் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு. ரத்தான பேரையெல்லாம் நேத்தே யுனிவர்சிட்டிக்கு அனுப்பிட்டோம்."

ஷாயிஸ்தா போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"அன்னைக்கு உன் வீட்டுக்காரர் என்ன பேச்சுப் பேசினாரு! அவர்கிட்ட குடும்மா, நானே சொல்றேன்."

"அவர் மவுத்தாயிட்டாருங்க."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஜெஸிந்தா மெல்லச் சொன்னாள்: "அடுத்த வருஷம் கண்டிப்பா அப்ளை பண்ணும்மா. இந்தத் தடவை உன் நம்பரையே எழுது."

போனை வைத்துவிட்டு ஷாயிஸ்தா தரையில் உட்கார்ந்தாள். எதிரே சுவரோரம் மேஜை. அதன் மூன்று கால்கள் பளபளத்தன. நான்காவதற்கு இன்னும் வார்னிஷ் அடிக்கவில்லை.