வெளிக்குப் போகாத நாட்கள்

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள் மலேசியாவில் கிள்ளான் நகரில் உள்ள ஒரு டயாலிசிஸ் சென்டருக்குப் போய்வருகிறேன். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும். அதற்கு முன்பு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி இறந்து சில ஆண்டுகளாகிவிட்டன. எனக்கென்று இருப்பது பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அக்கா ஒருவர்தான். அவரும் தனி ஆள்.

டயாலிசிஸ் தொடங்கியபோது சென்டரில் முதலில் சொன்னது பொட்டாசியத்தைப் பற்றித்தான். அது ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுபோகலாம் என்றார்கள். வாழைப்பழம், இளநீர், கீரை, உருளைக்கிழங்கு என்று சொல்லிக்கொண்டே போனார்கள். எனக்குப் பிடித்ததெல்லாம் அதில் இருந்தது. எது ஆகும் எது ஆகாது என்று பிரித்துப் பார்க்கும் தெம்பு அப்போது இல்லை. காய், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். வெள்ளைச் சோறு, முட்டை, கொஞ்சம் கோழி, வெள்ளை ரொட்டி. அதுவே பத்தியம் என்று நினைத்தேன். மாதாமாதம் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் நன்றாகத்தான் வந்தது. அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

வயிறு மட்டும் கல்லாகிப் போனது. தண்ணீருக்கு அளவு. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தச் சாப்பாட்டோடு விழுங்கும் கால்சியம் மாத்திரை, ரத்தம் ஊற இரும்பு மாத்திரை, இரண்டுமே மலத்தை இறுக்குபவை. அது எனக்கு அப்போது தெரியாது. போதாததற்கு இன்னொன்றும் பழகிக்கொண்டேன். நாற்காலியில் ஊசி ஏறியபின் வெளிக்கு வந்தால் இயந்திரத்திலிருந்து கழற்றிவிடச் சொல்லித் தாதியைக் கூப்பிட வேண்டும். அத்தனை பேர் நடுவில் அதற்குக் கூசி அடக்கிக்கொள்வேன். அடக்கி அடக்கி, வீட்டுக்குப் போன பிறகும் வராமல் போனது.

தாதி ஒவ்வொரு முறையும் கேட்பார். "அங்கிள், எல்லாம் ஓகேவா?" ஓகே என்பேன். எடை, ரத்த அழுத்தம் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்ல எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. இதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அக்காவிடம்தான் ஒருநாள் போனில் தடுமாறிச் சொன்னேன். பல நாளாகப் போகவில்லை, சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று. ஞாயிற்றுக்கிழமை காலை கொமுட்டர் ரயிலேறி வந்து நின்றார். பையில் நன்கு பழுத்த பப்பாளி, ஒரு சீப்பு வாழைப்பழம், உலர்ந்த பிளம்ஸில் செய்த ஜூஸ் ஒரு போத்தல்.

"அக்கா, இதெல்லாம் எனக்குக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஒரு நாளைக்குச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுலா. வயித்துல அடைச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான் இருப்ப? உன் மூஞ்சியப் பாரு."

சாப்பிட்டேன். அவ்வளவு காலத்துக்குப் பிறகு நாக்கில் பப்பாளி பட்டபோது வேண்டாம் என்று சொல்லும் மனம் எனக்கே இல்லை. அக்கா அன்றிரவு இங்கேயே தங்கினார். மறுநாளும் சாப்பிட்டேன். சனிக்கும் செவ்வாய்க்கும் இடையில்தான் ரத்தம் கழுவாமல் இருக்கும் நீண்ட இடைவெளி என்பதை இருவருமே நினைக்கவில்லை. வயிறும் இளகவில்லை.

திங்கள் பிற்பகல் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன். தொடை கேட்கவில்லை. காலில் மணல் மூட்டை கட்டியதுபோல் இருந்தது. நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு அடுத்ததை வேகமாக அடித்தது. அக்கா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவருடைய காரில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இசிஜி காகிதத்தைப் பார்த்த டாக்டரின் நடை வேகமானது. ஐந்தரைக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏழுக்கு மேல் இருந்தது. இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி, பொட்டாசியத்தைத் தற்காலிகமாக இறக்க இன்சுலினும் குளுகோஸும், அதன்பின் அவசரமாக டயாலிசிஸ். படுத்தபடி திரும்பிப் பார்த்தேன். அக்கா கதவோரம் கைகட்டி நின்றிருந்தார். அழவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வார்டில் மறுநாள் என்னிடம், "நான்தான் உன்னக் கொல்லப் பாத்தேன்டா தம்பி" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான் மென்று விழுங்கியதற்கு அவர் பழி சுமந்தார்.

உணவியல் நிபுணர் வந்தார். முப்பதைத் தாண்டாத தமிழ்ப் பெண். பழங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்ட பிறகு, "அங்கிள், கடைசியா எப்ப வெளிக்குப் போனீங்க?" என்றார். நான் சுவரைப் பார்த்தேன். அக்காதான் பதில் சொன்னார்.

"அதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?" அந்தப் பெண் கோபம் இல்லாமல்தான் கேட்டார். "கிட்னி வேலை செய்யாதப்போ, பொட்டாசியத்துல ஒரு பங்கைக் குடல்தான் வெளியே தள்ளும். மலம் கட்டிக்கிட்டா அந்த வழியும் அடைஞ்சிடும். பழம் மட்டும் காரணம் இல்ல ஆன்டி. வயிறு அடைச்சிருந்ததும் சேர்ந்துதான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப காய்கறி குடுக்கலாமா கூடாதா? ஒண்ணு குடுத்தா இதயம் நிக்கும்கிறீங்க, குடுக்காட்டி வயிறு நிக்குது."

"குடுக்கணும். எதைக் குடுக்கிறோம், எவ்வளவு குடுக்கிறோம்னு பார்த்துக் குடுக்கணும்."

ஆப்பிளோ பேரிக்காயோ தோலோடு, ஒரு வேளைக்குச் சிறியதாக ஒன்று. அன்னாசி இரண்டு துண்டு. முட்டைக்கோஸ், பயற்றங்காய் போன்றவற்றைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அதைக் குழம்பில் சேர்க்கவே கூடாது. மலம் இளக இசப்கோல் உமி வாங்கலாமா என்று அக்கா கேட்டதற்கு, அதற்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், எனக்குத் தண்ணீர் அளவு இருப்பதால் சரிப்படாது என்றார். கடையில் கிடைக்கும் மெக்னீசியம் கலந்த பேதி மருந்தும் வேண்டாம், அது உடம்பிலேயே தங்கிவிடும். நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது, மூளையைப் பாதிக்கும். டாக்டர் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபின்னும் அக்கா என்னோடு தங்கினார். சமையலறையில் முட்டைக்கோஸ் வெந்த தண்ணீரை வடிகட்டியவர், பாத்திரத்தைச் சிங்கின் மேல் பிடித்தபடி அப்படியே நின்றார். வாழ்நாள் முழுக்க அரிசி கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காதவர்.

"சத்தெல்லாம் இதுலதானேடா இருக்கு."

"எனக்கு ஆகாத சத்துக்கா."

கொட்டினார். ஆவி அவர் முகத்தில் அடித்தது. வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிரப் முதலில் வயிற்றை உப்பவைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் காலை ஆப்பிளைத் தோலோடு மென்றுவிட்டு, தாழ்வாரத்தில் மாடிப்படிவரை மெல்ல நடந்துவிட்டு வந்தபோது வயிறு அசைந்தது. குளியலறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. கதவுக்கு வெளியே அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"போச்சா?"

"போச்சு."

அறுபதைத் தாண்டிய இருவர் இதைப் பேசிக்கொண்டதில் வெட்கம் எதுவும் இல்லை. அக்கா எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் சென்டரில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது வயிறு கூப்பிட்டது. கையை உயர்த்தித் தாதியை அழைத்து, "மிஸ், நான் டாய்லெட் போகணும்" என்றேன். அவர் இயந்திரத்தை நிறுத்தி, குழாய்களைக் கழற்றி, என் கையைப் பிடித்து எழுப்பினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர் நாற்காலியில் இருந்த சீனக் கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இன்றும் எல்லா வாரமும் சீராகப் போவதில்லை. சில நாள் மருந்தைக் கூட்டிக்கொள்கிறோம், சில மாதம் பொட்டாசியம் எல்லையை எட்டிப் பார்க்கிறது. அக்கா பிரிக்பீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்துவிட்டார். மதியம் வடித்த பயற்றங்காயில் கொஞ்சம் கடுகு தாளித்து இருவருக்கும் தட்டில் வைக்கிறார். உப்பு குறைவுதான். தனக்கென்று வேறு எதையும் சமைத்துக்கொள்ள மறுக்கிறார்.