முகமூடியோடு நான்கு வாரம்

பன்னிரண்டாம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தபோது, ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில், நின்றபடியே உறங்கிப்போனேன். சுண்ணக்கட்டி கைநழுவி விழுந்த ஓசையில்தான் கண் திறந்தேன். மாணவியர் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது. அந்தப் பருவத்தில் அது மூன்றாம் முறை.

எங்கள் தலைமையாசிரியர் ஒரு கன்னியாஸ்திரீ. அளந்து பேசுபவர்.

"டீச்சர், அரையாண்டுப் பரீட்சைக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு. அதுவரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள உடம்பச் சரிபண்ணிட்டு வாங்க. இல்லன்னா ப்ளஸ் டூவ வேற ஆள்ட்ட குடுத்துட்டு உங்களுக்கு ஆறாப்புதான். கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? அந்த வகுப்பை அடையப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இழப்பதற்கு ஒரு கொட்டாவி போதும் போலிருந்தது.

மதுரையில் ஒரு மருத்துவர், உடலெங்கும் கம்பிகளை ஒட்டி ஓரிரவு உறங்கவைத்து ஆராய்ந்தார். உறக்கத்தில் என் தொண்டைக்குழி தளர்ந்து அடைத்துக்கொள்கிறது, மூச்சு நின்றுபோகிறது, ஒவ்வொரு முறையும் மூளை திடுக்கிட்டு என்னை எழுப்பிவிடுகிறது. "நீங்க தூங்கவே இல்லம்மா. படுத்துக் கெடந்துருக்கீங்க, அவ்வளவுதான்," என்றார். மருந்து, சிபேப் என்னும் இயந்திரம். செருப்புப் பெட்டி அளவுதான். அதிலிருந்து ஒரு குழாய் வழியாகக் காற்று இடைவிடாமல் வந்து, மூக்கின்மேல் வாரால் கட்டிய முகமூடிக்குள் புகுந்து, தொண்டையை அடைபடாமல் தாங்கிப்பிடிக்கும். நான்கு வாரம் விடாமல் போட்டுப் பழகிவிட்டு வரச்சொன்னார்.

இயந்திரத்தை விற்ற கடையின் ஊழியர் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கே வந்து பொருத்திக் காட்டினார். நாற்பதைக் கடந்தவர், மிகுந்த பண்பாளர். அந்தப் பண்புதான் என்னைப் படுத்தியது. என் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. முகமூடியை என் கணவரிடம் கொடுத்து, இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு, சுவரைப் பார்த்தபடி, "சார், அந்த வாரக் கொஞ்சம் இழுங்க. இந்தப் பக்கமும்," என்றார். மின்வாரியத்தில் வேலைபார்த்த என் கணவர் கம்பத்தில் கம்பி இழுத்துக் கட்டுவதுபோல இழுத்துக் கட்டினார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இயந்திரத்தை ஒரு நிமிடம் ஓட்டிக்காட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டு, அவர் மதுரைப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார்.

முதல் வாரத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மூச்சை உள்ளே இழுப்பது எளிது. வெளியே விடுவதற்கு எதிர்க்காற்றில் மிதிவண்டி மிதிப்பதுபோல் பாடுபட வேண்டும். முகமூடியின் விளிம்பில் எங்கோ கசிந்த காற்று கன்னத்தை வருடிக்கொண்டு சீறியது. கசிகிறதென்று வாரை இறுக்கினோம். இறுக்க இறுக்க மூக்குத்தண்டு சிவந்து, பிறகு புண்ணாயிற்று. காற்றோ இப்போது மேல்நோக்கிக் கண்ணுக்குள்ளும் பாய்ந்தது. புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். எண்ணெயில் முகமூடியின் மெத்தை வழுக்கி இடம்மாறியது. ஒரு மணிநேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை, பிடுங்கி எறிந்துவிடுவேன்.

வாய் வறட்சியை எப்படிச் சொல்வது? காலையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, உரித்தெடுக்க வேண்டியிருந்தது. முதல் பாடவேளையில் ஒரு வெண்பாவைச் சீர்பிரித்துச் சொல்லத் தண்ணீர்ச் செம்போடு போனேன். தொலைபேசியில் ஊழியரைக் கேட்டேன்.

"மெஷினோட தண்ணித் தொட்டில தண்ணி ஊத்துறீங்களா மேடம்?"

கரண்டு ஓடும் பெட்டிக்குள் தண்ணீர் வேண்டாமென்று அதைக் காலியாகவே வைத்திருந்தார் என் கணவர். மின்வாரியக்காரரின் அச்சம் அது, குறைசொல்ல முடியவில்லை. அன்றே ஊற்றினோம், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை. எங்கள் ஊர் உப்பு நான்கே நாளில் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. பிறகுதான் மருந்துக் கடையில் காய்ச்சி வடித்த நீர் வாங்கி, நாள்தோறும் தொட்டியைக் கழுவி மாற்றலானோம். காற்று ஈரமும் இளஞ்சூடுமாக வந்தது. உறக்கத்தில் வாய் பிளந்துகொள்ளாதிருக்கத் தாடையைத் தாங்கும் பட்டை ஒன்றும் வந்தது. வறட்சி பாதி குறைந்தது.

கசிவு குறையவில்லை. மூன்றாம் வாரத்தில் மறுபடியும் வகுப்பில் கண் சொருகியது. மேசை விளிம்பை நகம் பதியப் பிடித்துக்கொண்டு தப்பினேன். அந்தச் சனிக்கிழமை மதியம், முகமூடியை மாட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, கட்டிலில் மல்லாந்தேன். விரலை நனைத்து விளிம்பைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தேன். ஈர விரலில் காற்று சில்லென்று பட்ட இடம் இடப்பக்க நாசி. கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். என் ஏழுகல் மூக்குத்தியின்மேல் மெத்தையின் விளிம்பு படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது.

உடனே மதுரைக்குத் தொலைபேசினேன்.

"மூக்குத்தில இடிக்குதுங்க."

"ஆமா மேடம். அன்னைக்கே கவனிச்சேன்."

"கவனிச்சீங்களா? பெறகு ஏன் சொல்லல?"

"சார் பக்கத்துல நிக்குறாரு. மூக்குத்தியக் கழட்டுங்கன்னு என் வாயால எப்படி மேடம் சொல்றது? தப்பா நெனச்சுட்டா?"

மூன்று வாரம்! மூக்கில் புண், கண்ணில் காற்று, வகுப்பில் அவமானம். எல்லாம் ஒருவருடைய மரியாதைக்காக. கத்தத் தோன்றியது. அவரோ, நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டியதும் பிழைதான் என்று அப்போது ஒப்புக்கொண்டார். படுத்தநிலையில் காற்று ஓடும்போது, முகமூடியைச் சற்றே தூக்கி மெத்தை காற்றால் உப்பியபின் உட்காரவைக்க வேண்டுமாம். வாரைக் கசிவு நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதுமாம். எண்ணெய் கூடவே கூடாதாம்.

அன்று சின்னாளப்பட்டியிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, புருசன் குத்துக்கல்லு மாதிரி இருக்கையில மூக்க மூளியாக்கிக்கிட்டு நிக்கப் போறியா? ஊரு என்ன கேக்கும்?"

என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "அக்கா, இவ விடுற கொறட்டையில நான் செத்தாத்தான் மூளி. கழட்டட்டும்."

"வாயக் கழுவுடா!"

"அம்புட்டு அக்கறன்னா நீ செத்த நேரம் அந்த மூடியப் போட்டுப் பாரேன்."

கழற்றுவதும் எளிதாக இல்லை. திருமணத்தின்போது முறுக்கிய திருகாணி ஊறி இறுகியிருந்தது. நகைக்கடை ஆசாரி சோப்பு நுரை விட்டு, குறட்டால் பிடித்து, என் கண்ணில் நீர் வரவைத்துத்தான் அதை விடுவித்தார். துளை தூர்ந்துவிடாதிருக்கப் பகலில் மெல்லிய வேப்பங்குச்சி செருகிக்கொண்டேன், படுக்கும்முன் எடுத்துவிடுவேன்.

அன்றிரவு முகமூடியை நான்கு மணிநேரம் போட்டிருந்தேன். மறுநாள் மூன்று, மூக்கடைப்பு. அதற்கடுத்த நாள் ஐந்து. நடுவில் மின்வெட்டு வந்து ஒருநாளைக் கெடுத்தது. விடுமுறை நாள்களில் மதியம் முகமூடியுடன் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திப் பழகினேன். நான்காம் வாரக் கடைசியில் ஒரு விடியலில் விழித்தபோது, முகமூடி முகத்திலேயே இருந்தது. தலைவலி இல்லை. அது மகிழ்ச்சி என்று தெரிவதற்குள் வார் அழுத்திய கன்னம் அரிக்கத் தொடங்கிவிட்டது.

அரையாண்டுக்கு முந்தைய வாரம், மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையில் தலைமையாசிரியர் அறிவிப்பின்றி வந்து கடைசிப் பெஞ்சில் அமர்ந்தார். நாற்பத்தைந்து நிமிடமும் நடத்தினேன். மணியடித்தபின் அருகில் வந்து என் முகத்தை ஆராய்ந்தார்.

"கன்னத்துல என்ன டீச்சர் கோடு? மூக்குத்திய எங்க?"

சொன்னேன்.

"ராத்திரிக்கு மட்டும் கழட்டலாம்ல?"

"திருகாணி ஒத்துக்கலங்க, சிஸ்டர்."

"சரி. ப்ளஸ் டூ கேள்வித்தாள நீங்களே எடுங்க. வெள்ளிக்கிழம வேணும்."

வியாழக்கிழமையே கொடுத்துவிட்டேன்.