எங்கள் வீட்டில் அரைப்பேர் போட்ட காலம்

எங்கள் வீட்டில் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். இப்படிச் சொன்னால் கேட்பவருக்குப் பெரிய கேட்டும் புல்தரையும் கண்ணில் தெரியும். உண்மையில் பதுளையில் ஒரு மேட்டுத் தெருவில் எங்களுக்கு வாடகை வீடு. மழை பெய்தால் கூடத்தில் ஒரு வாளி வைப்போம். அந்த மூன்று பேர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் ஓட்டோக்காரர், வீட்டுக்கு வந்து கணிதம் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் சேர். மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. நான் அரசாங்கக் காரியாலயம் ஒன்றில், ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கோப்பு நகர்வதை மேற்பார்வை செய்பவன்.

மாதச் செலவுக் கணக்கு என் பொறுப்பு. பொருளாதாரம் பற்றிய தடித்த புத்தகங்களை நான் படித்திருக்கிறேன் என்பதே காரணம். அவற்றில் ஒன்றிலும் வீட்டு வேலைக்கு வருபவருக்கு என்ன கொடுப்பது என்று எழுதியிருக்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே முறையைக் கையாண்டேன். நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தோட்டம் போட்ட கணக்கு 'பேர்'க் கணக்கு. முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர், பாதி நாளோடு நின்றால் அரைப்பேர், போகாவிட்டால் ஒன்றுமில்லை. அக்காவும் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்தான். மலையில் வேலை நாள் குறைந்ததும் டவுனுக்கு வேலைக்கு வந்தார். அவருக்கும் எனக்கும் பொதுவாகத் தெரிந்த கணக்கு அது ஒன்றே. தோட்டத்தின் நாட்சம்பளத்தை விடக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, நான் நல்ல துரை என்று மனதுக்குள் எனக்கே ஒரு சான்றிதழும் கொடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் இது பிசகில்லாமல் ஓடியது. போன ஓகஸ்ட் லீவு முடிந்த வாரம், அக்கா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மனைவியிடம் வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் தாதிமாரைக் கூப்பிடுவதுபோல் அவர் மனைவியை 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்.

"மிஸி, கொழும்புல ஒரு வீட்டுக்குக் கேக்குறாங்க. தங்கி வேல செய்யணும். மாசச் சம்பளம். வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லணுமாம்."

"புள்ளைங்க?"

"சின்னவ இந்த வருசந்தான் அஞ்சாம் வகுப்பு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா விடுவாங்களாம்." ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். "போகப் புடிக்கல மிஸி. ஆனா இந்த மாசம் எனக்கு எத்தன பேர் விழுந்திச்சின்னு சேர்கிட்ட கேளுங்க."

அந்தச் சேர் நான்தான், என்னிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூட லீவு என்பதால் மகள் வீட்டில் இருந்தாள். மனைவியும் லீவு எடுத்தார். ஒரு வாரம் வெலிமடையில் மைத்துனன் வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்குத் தோட்டம் பார்த்துவிட்டு வந்தோம். "நீங்க வரத் தேவையில்ல அக்கா, ரெஸ்ட் எடுங்க" என்று நான்தான் பெரிய மனதோடு சொல்லியிருந்தேன். அந்த ரெஸ்டுக்கு ஒரு பேரும் விழவில்லை. பிறகு மழையில் மண் சரிந்து பாதை மூடிய நாட்களிலும் விழவில்லை.

அக்கா போனதும் மனைவி கேட்டார்.

"ஓகஸ்ட்ல டியூஷன் சேர் எத்தன கிளாஸ் வந்தாரு?"

"ரெண்டு."

"எவ்வளவு குடுத்தீங்க?"

"மாசக் காசுதானே. முழுசா."

"நானாவுக்கு?"

"லீவு மாசம்னா பாதி. ஓட்டோவ நமக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காரில்ல."

"வராத கணக்குக்கு முழுசு. ஓடாத ஓட்டோவுக்குப் பாதி. என் சட்டிய கழுவுற மனுசிக்கு மட்டும் அரைப்பேர். நல்லா இருக்கு உங்க தோட்டம்."

டியூஷன் சேரின் சம்பளத்தில் கை வைக்க எனக்குப் பயம். மகளின் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை அவர் கையில் இருந்தது. நானாவிடமும் பயம்தான். காலையில் அவர் வராவிட்டால் நான் மகளோடு மேட்டை இறங்கி ஏற வேண்டும். பயமில்லாத இடத்தில் மட்டும் நான் கணக்கில் கறாராக இருந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மனைவிக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மறுநாள் காரியாலயத்தின் பழைய தாளின் பின்பக்கத்தில் புதிதாகக் கணக்குப் போட உட்கார்ந்தேன். அக்கா வழக்கமாக வரும் நாட்களை எடுத்து, நாட்சம்பளத்தால் பெருக்கி, அதை நிலையான மாதச் சம்பளமாக வைத்தேன். எங்களுக்கு லீவென்றாலும் மழையென்றாலும் அது குறையாது. மாதத்தில் சில நாள் அவருக்கும் சம்பளத்தோடு லீவு. பஸ் காசு தனி. பஸ் கட்டணம் ஏறினால் அதுவும் ஏறும். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் மேலதிகம். அது திடீரென்று தலையில் விழாமலிருக்க மாதா மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும். தோட்டத்தில் இருந்தபோது முதுமைக்கென்று அவர் பேரில் சேமலாப நிதி விழுந்தது. வீட்டு வேலைக்கு அது கிடையாது. அதற்கு ஈடாக அவர் பேரில் வங்கியில் ஒரு சிறு தொகை.

கூட்டிப் பார்த்தபோது தொகை பழையதைவிட ஏகமாகக் கூடியிருந்தது. ஈடுகட்ட இன்னொரு வரி எழுதினேன். மதியச் சாப்பாடு, இரண்டு தேத்தண்ணி, வருடத்துக்கு மூன்று பழைய சேலை என்று விலை போட்டுச் சம்பளத்தில் கழித்தேன். மனைவி என் தோளுக்கு மேலாக வாசித்தார்.

"அந்தச் சேலை நான் உடுத்து முடிச்சது. அதுக்கு என்ன வெல போட்டிருக்கீங்க?"

சொன்னேன்.

"அந்த வெலைக்கு நீங்களே எடுத்துக்குங்க. ஒன்னு சொல்றேன். அக்கா வர்றதாலதான் நான் நைட் செய்றேன், ஓ.டி. செய்றேன். அவங்க கொழும்புக்குப் போனா என் ஓ.டி. போயிரும். அவங்க சம்பளத்த உங்க சம்பளத்துல தேடாதீங்க, என் ஓ.டி.யில இருந்து பாருங்க."

சாப்பாட்டு வரியை அடித்துவிட்டுப் பார்த்தேன். மேலதிக நேர வேலைக்கான அந்த ஓ.டி. காசு அக்காவின் புதிய சம்பளத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது. நாங்கள் அக்காவுக்குச் செலவழிக்கவில்லை, அக்கா எங்களுக்குச் சம்பாதித்துத் தந்துகொண்டிருந்தார். ஆனாலும் அந்த ஓ.டி. ஏற்கெனவே வாடகைக்கும் சமையல் காஸுக்கும் போய்க்கொண்டிருந்தது. கூடுதலாக வேண்டிய தொகையை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். புத்தகம் வாங்கும் பகுதியைப் பாதியாக வெட்டினேன். அலுமாரியில் வாசிக்காமல் நிற்கும் புத்தகங்கள் எனக்கு ஆயுளுக்குப் போதும். அது மட்டும் போதவில்லை.

நானாவிடம்தான் முதலில் பேசினேன். குறைக்கச் சொல்வேன் என்று நினைத்து அவர் முகம் இறுகியது. விஷயத்தை முழுவதும் கேட்டதும் தளர்ந்தது.

"சேர், ஒங்கட சல்லிய கொறச்சா எனக்கு பெற்றோலுக்குக் காணாது. அது சரிவராது. ஆனா ஒரு வேல செய்யலாம். கீழ வளைவுல ஒரு புள்ள ஈக்கிது. அதே ஸ்கூல். அவங்க வாப்பா கேட்டுக்கிட்டே ஈக்கிறாரு. நீங்க தனியா வேணும்னதால நான் ஏத்தல்ல. அந்தப் புள்ளயையும் ஏத்தினா நீங்க கொறச்சுத் தரலாம். எனக்கும் கூடத்தான் வரும்."

தனியாக வேண்டுமென்றது நான்தான். கௌரவம் என்று நினைத்திருந்தேன். அதற்கு மாதா மாதம் விலையும் கொடுத்து வந்திருக்கிறேன். பெற்றோல் விலை மாறும்போது உட்கார்ந்து பேசுவது என்றும் அன்றே முடிவு செய்துகொண்டோம்.

டியூஷன் சேரிடமும் அதே வழியில் போனேன். எங்கள் வீட்டு மேசையில் மகளோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்தால், ஒவ்வொரு வீடும் தருவது குறையும், அவருக்கு வருவது கூடும். தவறிய கிளாஸை அடுத்த மாதத்தில் வைப்பதற்கும் அவர் சம்மதித்தார். அவ்வளவு இலகுவாகச் சம்மதித்ததைப் பார்த்து, இவ்வளவு நாள் இந்த மனிதனுக்கு எதற்குப் பயந்தேன் என்று யோசித்தேன். மகளுக்கு மட்டும்தான் நட்டம். தெரியாததைத் தெரிந்ததுபோல் தலையாட்டுவதற்கு இனி இரண்டு சாட்சிகள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது அக்கா வாசலில் காத்திருந்தார். கையில் போன். முதல் முறையாக நாங்கள் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நான் தாளை வாசித்தேன். தீபாவளிச் சம்பளம் வரை வந்தபோது நிறுத்தினார்.

"பொறுங்க சேர். நீங்க வெலிமட போனாலும் எனக்குச் சம்பளமா?"

"ஆமாங்க."

"நான் வேல செய்யாத நாளைக்கு?"

"ஆமா."

"வேணாம் சேர். சும்மா குடுத்தா நாளைக்குச் சொல்லிக்காட்டுவீங்க. உங்க சொந்தக்காரங்க வந்தா, அவங்க வேலயும் செய்யச் சொல்லுவீங்க."

வாசித்த புத்தகங்கள் எதிலும் இந்த இடம் இல்லை. மனைவிதான் பேசினார்.

"அக்கா, நான் லீவு போட்டா ஆஸ்பத்திரியில சம்பளம் வெட்டுறாங்களா?"

"இல்ல."

"இந்த மனுசன் காரியாலயத்துல சும்மா உக்காந்திருக்காரு. அதுக்கு யாராவது சொல்லிக்காட்டுறாங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். இந்த உதாரணம் அவருக்கு உடனே விளங்கியது என்பது முகத்தில் தெரிந்தது.

"சொந்தக்காரங்க வந்து வேல கூடினா தனியாக் காசு. அதையும் எழுதுங்க" என்றார் மனைவி. எழுதினேன்.

"அப்ப நானும் ரெண்டு சொல்லவா?" என்றார் அக்கா. "சம்பளம் பத்தாந்தேதி வேணும். தோட்டத்துல அன்னைக்குத்தான் சம்பளம். கடக்காரரும் சீட்டுக்காரியும் அன்னைக்குத்தான் வருவாங்க. நீங்க இருவத்தஞ்சாந்தேதி குடுத்தா, பத்தாந்தேதிக்கு முன்னாடியே வீட்டுல எல்லாத்துக்கும் கை நீண்டு காசு முடிஞ்சிரும்." என் அரசாங்கச் சம்பளம் விழும் நாளில்தான் உலகத்துக்கே சம்பளம் என்று நான் நினைத்திருந்தேன். தேதியை மாற்றினேன்.

"ரெண்டாவது?"

"பழைய சேல வேணாம் மிஸி. கோவிச்சுக்காதீங்க. பெரியவ அத உடுத்த விடமாட்டேங்கிறா."

மனைவி சிரித்துவிட்டு, "எனக்கும் அலுமாரியில எடம் இருக்கு" என்றார்.

கொழும்புச் சம்பளம் எங்களுடையதை விடக் கூடத்தான். அதை நான் மறைக்கவில்லை, அவரும் மறக்கவில்லை. தாளை ஒருமுறை தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். குசினி ஜன்னல் வழியே குரல் கேட்டது. ஒட்டுக்கேட்பது தவறு என்பதால் நாங்கள் இருவரும் மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இல்லீங்க. வரல. வேற ஆளப் பாருங்க. ... இல்ல, இங்கயே மாசச் சம்பளந்தான். லீவும் இருக்கு. ... ஆமாங்க, சம்பளத்தோடதான்."

உள்ளே வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா கொஞ்சம் வெட்கப்பட்டு, கையை விடுவித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சேர், நாளைக்கு எனக்கு லீவு. சின்னவளோட ஸ்கூல்ல கூட்டம். போன ரெண்டு கூட்டத்துக்கும் போகல, ஒரு பேர் போயிருமேன்னு."

"போய்ட்டு வாங்க" என்றேன்.

திங்கட்கிழமை மனைவிக்கு டியூட்டி, மகளுக்குப் பள்ளிக்கூடம். காரியாலயத்துக்குப் போகுமுன் பாத்திரம் முழுவதையும் நான் கழுவினேன். அடிப்பிடித்த ஒரு சட்டியோடு நெடுநேரம் போராடி, கடைசியில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தேன். அந்த நேரத்தில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு தாய், முழுச் சம்பளத்தோடு, சின்னக் கதிரையில் உட்கார்ந்து தன் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடம் நான் செய்த செலவுகளில் அந்த ஒரு நாள் அளவுக்கு மனதை நிறைத்த செலவு வேறு இல்லை.