ஹாலில் எடுத்த ரிமோட் படம்

பெண் ஏணியில் ஏறுவதா என்று முகம் சுளித்த வீடுகளிலேயே ஏறி ஏர்கான் கழுவினாள் பஞ்சவர்ணம். உயர்நிலை இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றவளுக்குத் தொழில் தேர்வு எதற்கு என்றவர்கள் பார்க்க, அதிலும் தேறினாள். தோள்பட்டைத் தசை கிழிந்து, இனிமேல் கையைத் தலைக்கு மேலே தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகும் அந்தத் தொழிலை விடவில்லை. அது எப்படி நடந்தது என்பதை அவளுடைய அண்ணன் சுரேந்தர் பக்கத்திலேயே நின்று பார்த்தான்.

இருவரும் வேலை பார்த்தது லிட்டில் இந்தியாவில், யாக்கூப் பாயின் மாடி ஏர்கான் பழுதுபார்ப்புக் கடையில். புகார் சொல்பவர்கள் ரிமோட்டைப் படம் எடுத்து அனுப்பினால், பாதிக் கோளாறுகளை வேன் போகாமலே தீர்த்துவிடலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். பாய் சோதனைக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த வாரத்திலேயே இரண்டு முறை அவள் சரியாகிவிட்டது என்று சொன்ன வீட்டுக்கு வேன் போக வேண்டியதாயிற்று.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா போட்டோ வேலையே வேணாம் லா," என்றுவிட்டார் பாய். அதைவிட்டால் கடையில் மிச்சம் ஏணி வேலைதான். அதற்கு அவள் தோள் இடம் கொடுக்காது.

அன்று மதியம் புக்கிட் மேரா வட்டாரத்திலிருந்து ஜோசபின் என்ற வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டார். பிள்ளை பெற்ற மகள் மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"ரூம் அடுப்பு மாதிரி கொதிக்குதும்மா. காத்து வருது, குளிர் இல்ல."

படம் வந்தது. பஞ்சவர்ணம் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினாள்.

"ஆண்ட்டி, திரையில தண்ணிச் சொட்டு மாதிரி ஒண்ணு தெரியுதா?"

"அதான் ஏர்கான் ஒழுகப்போகுதுன்னு காட்டுது. கீழ வாளி வச்சிருக்கேன்."

சுரேந்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை முறைத்தாள். ஒழுகும் ஏர்கானுக்கு வாளி வைத்துப் பழகிய ஊரில் அந்தச் சொட்டை வேறு எப்படிப் படிப்பார்கள்?

"ஒழுகாது ஆண்ட்டி. அது டிரை மோடு. காத்துல உள்ள ஈரத்தை எடுக்கும், அவ்வளவா குளிராது. பக்கத்துல பிறை நிலா இருக்கு பாருங்க, அது ஸ்லீப். போகப் போகக் குளிரைக் குறைச்சிடும். அந்த பட்டனை அமுக்கி நிலாவை எடுத்துடுங்க. அப்புறம் மோடு பட்டனை ஒவ்வொரு தடவையா அமுக்குங்க. காத்தாடி வந்தா நிறுத்தாதீங்க, அது வெறும் ஃபேன். பனிப்பூ வந்ததும், அதான் கூல் மோடு, நிறுத்தி எனக்குப் படம் அனுப்புங்க."

இரண்டாவது படம் வந்தது. நிலா இல்லை. பனிப்பூ இருந்தது, பக்கத்தில் 24. எல்லாம் சரி. அவள் மூச்சு விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஜோசபின். "அதே சூடுதாம்மா! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற வர்ற நேரம்."

பாய் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்துச் சுரேந்தர் கையில் வைத்தார். "கிளம்பு. எனக்கு அப்பவே தெரியும் லா."

"பாய், ஒரு நிமிஷம்," என்றாள் பஞ்சவர்ணம். இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். குறிகளை அல்ல, ரிமோட்டுக்குப் பின்னால் இருந்ததை. முதல் படத்தில் மங்கலான வெளிச்சம், மெத்தை விரிப்பு. இரண்டாவதில் பளிச்சென்று சாப்பாட்டு மேசை.

"ஆண்ட்டி! ரெண்டாவது படத்தை எங்க எடுத்தீங்க?"

"ஹால்லம்மா. ரூம் இருட்டு, பிள்ள தூங்குது. கதவைச் சாத்திட்டு இங்க வந்து, நீ சொன்ன மாதிரியே அமுக்கினேன்."

"அமுக்கும்போது ஏர்கான் பீப்னு சத்தம் போட்டுச்சா?"

"ஹால்ல இருந்தா அது எப்படிக் கேக்கும்?"

பஞ்சவர்ணம் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். ரிமோட், தான் அனுப்பிய கட்டளையை மட்டும்தான் திரையில் காட்டும். ஏர்கான் அதைக் கேட்டதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. கையில் பனிப்பூ, சாத்திய கதவுக்குப் பின்னால் இன்னும் அதே தண்ணீர்ச் சொட்டு.

"உள்ள போய் ஏர்கானுக்கு நேரா நீட்டி, டெம்பரேச்சரை ஒண்ணு ஏத்தி இறக்குங்க ஆண்ட்டி! எந்த பட்டனை அமுக்கினாலும் திரையில உள்ளது மொத்தமும் போகும்."

போனிலேயே கேட்டது: பீப். பீப்.

"உடனே குளிராது. வெளிய இருக்கிற மெஷின் ஓட ஆரம்பிக்கணும்."

சுரேந்தர் சாவியை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"யேசுவே! குளிருதும்மா, ஜில்லுன்னு வருது!" என்று கத்திய ஜோசபின் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ஆனா காத்து நேரா பிள்ள மேல அடிக்குதே?"

"தகடும் மேல கீழ அம்பும் போட்ட பட்டன், அது ஸ்விங். அமுக்கினா தகடு ஆடும். மேல போறப்போ திரும்ப அமுக்குங்க, அங்கேயே நின்னுடும்."

"நின்னுடுச்சு! நீ நல்லா இருக்கணும்!"

சுரேந்தர் மேசையைத் தட்டியதில் பாயின் தேத்தண்ணீர் சிந்தியது. பாய் அதைத் துடைக்கவில்லை. வேலைத் தாளை எடுத்தார். தங்கை தீர்க்கும் புகார்களுக்கு, பொறுப்பாளர் என்ற இடத்தில் அதுவரை அண்ணன்தான் கையெழுத்துப் போட்டுவந்தான். பாய் தாளை அவனைத் தாண்டி நகர்த்தினார்.

"இனிமே இந்த மேசை உன்னோடது லா. நீயே போடு."

அவள் ஓர் எழுத்தும் விடாமல், தமிழில், நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே தேதி: 14 ஜூன் 2023, புதன்கிழமை.