பாதிப்பெட்டி வெள்ளத்துரை

வெள்ளத்துரையை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் இந்த ஆள் நியாயமாக எழுதவில்லை என்று யாரும் மனம் நோக வேண்டாம்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலைக்குப் பின்தெருவில் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கிற கடை என்னுடையது. அதன் முன்பக்கத்தில் பாதியை வெள்ளத்துரைக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தேன். அவர் பார்வர்டிங் ஏஜென்ட். ஏற்றுமதிக்காரர்களின் சரக்குக்குக் கப்பலில் இடம் பிடித்து, கஸ்டம்ஸ் வேலை முடித்து அனுப்பி வைப்பது தொழில். மேஜை அவருடையது, நாற்காலி என்னுடையது. டெலிபோன் என்னுடையது, அதில் நாள் முழுக்கப் பேசுவது அவர்.

முழுசாக எதையும் வாங்கிப் பழகாத மனிதர். டீக்காரனிடம் ஒரு டீ சொல்லி, கூடவே ஒரு காலி கிளாஸும் கேட்பார். மறுபாதியை எனக்கு ஊற்றிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்ததாகத் தெரு முழுக்கச் சொல்வார். சொந்த ஊர் விளாத்திகுளம். ஊருக்குப் போக பஸ்ஸுக்குக் காசு கொடுத்ததே இல்லை. பருத்தி ஏற்ற வெறும் லாரி போகும்போது தொற்றிக்கொள்வார். கல்யாணத்தையே அண்ணன் கல்யாணத்தோடு சேர்த்து ஒரே பந்தலில் முடித்துக்கொண்டவர். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

எழுபதுகளின் கடைசியில் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் என்கிற இரும்புப்பெட்டி ஒன்றிரண்டாக வரத் தொடங்கியபோது, வெள்ளத்துரை தனக்காகவே கடவுள் அனுப்பியது போலப் பூரித்துப்போனார். பெட்டி கப்பலின் மேல்தளத்தில் ஏறிக் கொழும்பு போகும். அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். பெட்டியை இரண்டு விதமாக எடுக்கலாம். முழுப்பெட்டியையும் ஒருவரே எடுத்தால் மொத்தமாக ஒரு வாடகை. உள்ளே நிரப்பினாலும் சரி, காலியாக விட்டாலும் சரி. இல்லையென்றால் பலர் சரக்கை ஒரே பெட்டியில் சேர்த்துப்போட்டு, அவரவர் அடைக்கிற இடத்துக்குக் கன மீட்டர் கணக்கில் கொடுக்கலாம். எடை, கன அளவு, இரண்டில் எதற்குக் கட்டணம் கூடுதலாக வருமோ அதைத்தான் வாங்குவார்கள். இந்த இரண்டாவது விதம்தான் வெள்ளத்துரைக்கு வேதம். பெட்டியைச் சில்லறையாக விற்றால் ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கிள்ளலாம் அல்லவா?

அப்போதுதான் கிளாடிஸ் வந்தாள். நாசரேத்துக்காரி. முத்தையாபுரத்தில் கொட்டகை போட்டு நிலாவாரை இலை காயவைத்துத் தரம் பிரிப்பவள். வயிறு இளக்க வெள்ளைக்காரன் கஷாயம் போட்டுக் குடிக்கிற இலை. அதுவரை டவுனில் உள்ள பெரிய வியாபாரிகளுக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வைத்ததுதான் விலை. முதல்தடவையாக ஹாம்பர்க்கில் உள்ள ஒரு மருந்துக் கம்பெனி அவளிடமே நேராக ஆர்டர் கொடுத்திருந்தது. பேங்க் கடிதத்தில் குறித்த கெடுவுக்குள் கப்பல் ஏற வேண்டும், இலையில் வேறு வாடை ஒட்டக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் மறுபடி அந்த வியாபாரிகளின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

"அண்ணாச்சி, பிரஸ் போட்டுக் கட்டின பேல் எல்லாம் சேந்து அரைப்பெட்டிக்குக் கொஞ்சம் மேல வரும். சேத்துப் போட்டா எவ்வளவு, முழுப்பெட்டியா எடுத்தா எவ்வளவு, ரெண்டுக்கும் கொட்டேஷன் குடுங்க. என் கொட்டகையில இருந்து ஹாம்பர்க் துறைமுகத்துல அவங்க கைக்குப் போற வரைக்கும் என்னென்ன செலவோ அம்புட்டும் வேணும்" என்றாள்.

சரியான கேள்வி. வெள்ளத்துரைக்குச் சரியான கேள்வி என்றாலே ஆகாது.

"முழுப்பெட்டி எதுக்குத் தங்கச்சி? பாதிப் பெட்டி காலியால்லா கெடக்கும்? காத்தை ஏத்துமதி பண்ணவா காசு குடுக்கப் போறிய?" என்று சிரித்தார். என்னையும் சிரிக்கச் சொல்லி ஒரு பார்வை பார்த்தார். நான் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"காத்தோ கூத்தோ, ரெண்டு விலையும் வேணும்."

மறுநாள் முத்தையாபுரம் போய் டேப் வைத்து அளந்தார். பேல் என்கிற அந்த இலைக்கட்டின் நடுப்பக்கம் எங்கே புடைத்திருந்ததோ அங்கே அளந்தார். அதுதான் முறை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொண்டுவந்த விலையைப் பார்க்க வேண்டுமே. சேர்த்துப் போடுவதற்குக் கப்பல் வாடகை மட்டும், அழகாக, ஒல்லியாக இருந்தது. இங்கே குடோனில் பெட்டியை அடைக்கிற கூலி கிடையாது. கொழும்பில் பிரித்து வேறு பெட்டிக்கு மாற்றுகிற செலவு கிடையாது. ஹாம்பர்க்கில் பிரித்துக் கொடுக்க அவர்கள் தீட்டப்போகிற பில்லைப் பற்றி மூச்சே கிடையாது. முழுப்பெட்டிக்கோ உள்ளூர் லாரி முதல் கூலி வரைக்கும் போட்டு, போதாதென்று தன் பங்கையும் ஏற்றி, யானை மாதிரி ஒரு தொகை. ஒன்றை உரித்துக் காட்டினார், இன்னொன்றைப் போர்வை போர்த்திக் காட்டினார். இதற்குப் பெயர் ஒப்பீடாம்!

கிளாடிஸ் காகிதத்தை மடித்தாள். "சேத்துப் போட்டா என் கூட வேற யாரு சரக்கு வருது?"

"கைத்தறித் துணி தங்கச்சி. மெத்துமெத்துனு சுத்தமான சரக்கு. அவங்க உறுதி பண்ணியாச்சு. நீங்க சரின்னு சொன்னா அடுத்த கப்பல்."

"யோசிச்சுச் சொல்லுதேன்."

அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள். வெள்ளத்துரை என் டெலிபோனை எடுத்தார். "ரோச்சா? உம்ம சரக்குக்கு இடம் ஆச்சுவே. நிலாவாரை இலைக்காரம்மா உறுதி பண்ணியாச்சு. பாதிப்பெட்டி அவங்க, மிச்சம் நீரு." ரோச் கடலட்டைக்காரன். அவித்துக் காயவைத்த கடலட்டையைச் சிங்கப்பூருக்கு அனுப்புகிறவன். அந்த மூட்டையைப் பத்தடிக்கு அப்பாலிருந்தே மூக்கு கண்டுபிடித்துவிடும். காய்ந்த இலையோ பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையைக் குடித்துக்கொள்ளும். கொழும்பு வரைக்கும் வெயிலில் வேகிற மூடிய பெட்டிக்குள் இரண்டும் குடும்பம் நடத்த ஏற்பாடு செய்துவிட்டு, வெள்ளத்துரை என்னிடம் பாதி டீ கேட்டார். எனக்கு வந்த அருவருப்பில் முழு டீயையும் அவர் பக்கம் தள்ளிவிட்டேன். சந்தோஷமாகக் குடித்தார்.

கிளாடிஸிடம் போய்ச் சொல்ல வேண்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவசியம் இல்லாமல் போயிற்று. ஏற்றுமதி செய்கிறவர்கள் எல்லோருக்கும் சாக்கும் கயிறும் வேண்டும், வந்தால் என் கடைக்குத்தான் வர வேண்டும். இரண்டு நாளில் ரோச்சும் அவளும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். வெள்ளத்துரை கஸ்டம்ஸ் ஆபீஸுக்குப் போயிருந்தார்.

"யக்கா, நீங்கதான் நிலாவாரை இலையா? ஒங்க இலையும் எங்க அட்டையும் ஒரே பெட்டியிலல்லா போவுதாம்" என்றான் ரோச், உறவு கொண்டாடுகிற மாதிரி.

கிளாடிஸின் முகம் வெளிறிவிட்டது. "கைத்தறித் துணின்னுல்லா சொன்னாரு."

"துணியா? எங்கிட்ட ஒங்க இலையத் தவிர வேற எதுவும் சொல்லலியே. நீங்க உறுதி பண்ணியாச்சுன்னாரு."

"நான் எங்க உறுதி பண்ணுனேன்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கைத்தறித் துணி ஒரு முழம்கூட எங்கேயும் இல்லை என்று சொன்னேன். பெட்டியே இன்னும் பிடித்தபாடில்லை என்பதையும் சொன்னேன். ஒருவர் பேரைச் சொல்லி இன்னொருவரை இழுத்து, இரண்டு பேரும் விழுந்த பிறகு பெட்டிக்குப் போய் நிற்பது அவர் வழக்கம். அதுவரை கெடு யாருக்காகக் காத்திருக்கும்?

கிளாடிஸ் சத்தம் போடவில்லை. நேராகக் கப்பல் கம்பெனி ஏஜென்டின் ஆபீஸுக்குப் போனாள். அற்புதமணி என்று வேறொரு பார்வர்டிங்காரரைப் பிடித்தாள். இரண்டு விதத்துக்கும் எல்லாச் செலவையும் ஒரே மாதிரி எழுதி வாங்கிப் பார்த்தபோது, சேர்த்துப் போடுவது முழுப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் குறைந்தது. சரக்கு இன்னும் நாலைந்து கன மீட்டர் கூடியிருந்தால் முழுப்பெட்டியே மலிவாகியிருக்கும். அந்தக் கொஞ்சத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் அவளுக்குக் கிடைப்பது என்ன? துணைக்கு எவனும் கிடையாது, வழியில் யாரும் திறக்க மாட்டார்கள், அடுத்தவன் சரக்குக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். முழுப்பெட்டியை எடுத்தாள். பேல்கள் உள்ளே சரியாமல் கட்ட என்னிடம் கயிறு வாங்கினாள். அவளே இழுத்து இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினாள்.

அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு நானும் துறைமுகக் கொட்டகைக்குப் போயிருந்தேன். காலிப் பெட்டிக்குள் அவள் முதலில் நுழைந்து மோந்து பார்த்தாள். பிறகு கஸ்டம்ஸ்காரர் முன்னிலையில் பேல்கள் ஏறின. கயிறு கட்டி முடித்தபோது கதவுப் பக்கம் நல்ல இடம் காலியாகக் கிடந்தது.

அப்போது ஒரு லாரி வந்து நின்றது. வாடை முதலில் வந்தது, வெள்ளத்துரை பின்னால் இறங்கினார், அவருக்குப் பின்னால் ரோச். கிளாடிஸின் பெட்டியில் மிச்ச இடத்தைப் பேசி முடித்தாயிற்று, அவளே சம்மதித்துவிட்டாள் என்று ரோச்சை நம்பவைத்துக் கூட்டிவந்திருந்தார். நாலு பேர் முன்னால் ஒரு பொம்பிளை மாட்டேன் என்றா சொல்லப்போகிறாள் என்பது அவர் கணக்கு.

"தங்கச்சி, காலி இடந்தான? நாலு மூட்டை. கொழும்புல எடுத்துருவோம். வாடகையில பாதி உங்களுக்கே வந்துருமுல்லா?"

ஒரு நிமிஷம் நான் பயந்துவிட்டேன். பாதி வாடகை என்பது யாரையும் அசைக்கும். அவள் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். கஸ்டம்ஸ்காரர், "உங்க சரக்கா அம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். என் சரக்கு ஏறி முடிஞ்சுட்டு. கதவைச் சாத்துங்க."

கதவைச் சாத்தினார்கள். சீல் விழுந்தது. அற்புதமணி சீல் எண்ணைக் குறித்துக்கொண்டார். கெடுவுக்கு முன்பே அந்தப் பெட்டி கப்பல் ஏறியது. ஹாம்பர்க்காரன் இலையை ஒரு குறையும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு மறு ஆர்டரும் கொடுத்தான்.

ஆனால் அன்றைக்கு ரோச் வெள்ளத்துரையின் சட்டைக்காலரைப் பிடித்துவிட்டான். "ஏலே, இவ்வளவு தூரம் என் சரக்கைக் கூட்டியாந்து அவமானப்படுத்துதியா? லாரி வாடகை போகவும் வரவும் நீதாம்ல குடுக்கணும். மூட்டையோட மூட்டையா நீயும் பின்னால ஏறுலே." மூட்டைகள் இறங்கவே இல்லை. வெள்ளத்துரை மட்டும் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு லாரிக்கு முழு வாடகை கொடுக்கப்போகிற துக்கம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. செத்த வீட்டில்கூட அந்த மனிதரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

வெட்கப்படுவார் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். லாரி கிளம்பும்போது மேலேயிருந்து குனிந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, முத்தையாபுரம் வழியாத்தான போவோம்? காலிச் சாக்கு, கயிறு ஏதும் இருந்தா போடுங்க. பாதி லாரி சும்மால்லா கெடக்கு. ஏதோ பாத்துக் குடுங்க."

கிளாடிஸ் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"காத்தை ஏத்திட்டுப் போங்க அண்ணாச்சி. அதுக்கும் சேத்துத்தான நீங்க காசு குடுக்கப் போறிய?"