ஐந்தாம் பிரிவும் அண்ணாச்சியின் போட்டோவும்

"இத்தமிழாக்கத்தைச் செய்தவர் ஆங்கிலமும் தமிழும் நன்கறிந்தவர், எத்தரப்பையும் சாராதவர், இவ்விவகாரத்தில் எவர்மீதும் பற்றோ பகையோ இல்லாதவர்."

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சு நிலையம் வைத்திருக்கும் செல்லக்கனி, தான் மொழிபெயர்க்கும் ஒவ்வொரு தாளின் அடியிலும் இந்த மூன்று வரிகளை அடித்துக் கையெழுத்துப் போடுவாள். முதல் பகுதி உண்மை. மற்ற இரண்டும் 2022 கார்த்திகை மாதம் வரைக்கும் உண்மையாக இருந்தன.

அந்த வருட ஆடியில் ராஜபாளையத்திலிருந்து விஜயபாண்டி வந்தார். தெருவோர வியாபாரிகள் சங்கம் ஒன்றின் செயலாளர். தெருவில் வியாபாரம் செய்து பல வருடம் ஆகியிருந்தது. சொந்தமாக இரண்டு மாடி லாட்ஜ் இருந்தது. ஆனாலும் தெருவோர வியாபாரி என்று அவர் பெயரிலும் ஒரு விற்பனைச் சான்றிதழ் இருந்தது. ஊரில் அதைக் கார்டு என்பார்கள்.

"தங்கச்சி, தெரு வியாபாரிச் சட்டத்துல நாலஞ்சு பிரிவ நம்ம சனத்துக்குப் புரியுத மாதிரி தமிழ்ல போட்டுத் தா. ஒரு பக்க நோட்டீஸ்" என்றார்.

செல்லக்கனி போட்டுத் தந்தாள். ஐந்தாம் பிரிவின்படி கார்டு வாங்குகிறவர் கொடுக்க வேண்டிய உறுதிமொழியை இப்படி எழுதியிருந்தாள்: "நானே கடை நடத்துவேன், அல்லது என் குடும்பத்தார் மூலம் நடத்துவேன்." அதன் கீழே உள்ள இரண்டாம் உட்பிரிவையும் எழுதினாள்: கார்டுக்காரர் இறந்துபோனாலோ, நிரந்தரமாக ஊனமுற்றாலோ, நோயில் விழுந்தாலோ, கார்டின் காலம் முடியும் வரை அந்த இடத்தில் குடும்பத்தில் ஒருவர் வியாபாரம் செய்யலாம்; முதல் உரிமை கணவனுக்கோ மனைவிக்கோ, அடுத்தது அவரை நம்பியிருக்கும் பிள்ளைக்கு.

அச்சாகி வந்த நோட்டீஸில் இருந்தது இரண்டே வரி. "கார்டு வாங்கியவர் தானே கடை நடத்த வேண்டும். தவறினால் கார்டு ரத்தாகிவிடும்." அடியில், தமிழாக்கம்: செல்லக்கனி. மீதி இடத்தில் விஜயபாண்டியின் போட்டோ.

கேட்டதற்கு, "இடம் பத்தல தங்கச்சி" என்றார். போட்டோவைப் பார்த்தால் அது பொய் என்று சொல்ல முடியாது.

செல்லக்கனியும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார்த்திகையில் அவள் தங்கை வெள்ளைத்தாய் ஈரத்தரையில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் பருத்திப்பால் வண்டி போட்டிருந்தவள். முறைப்படி கார்டு உண்டு. அவள் கட்டிலில் கிடக்க, புருஷன் இருளப்பசாமி வண்டியைத் தள்ளிக்கொண்டு அதே இடத்துக்குப் போனான். விஜயபாண்டி நோட்டீஸைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"ஏலே, கார்டு ஒம் பொண்டாட்டி பேருல. நீ நின்னா கார்டே ரத்தாயிரும். நான் சொல்லல, சட்டம் சொல்லுது. எழுதுனது யாரு, பாரு. ஒம் மதினி."

இருளப்பசாமி வண்டியைத் திருப்பினான். கார்டும் பத்திரமாக இருக்கட்டும் என்று விஜயபாண்டி கைக்கே போயிற்று. அடுத்த வாரம் அந்த இடத்தில் அவர் மச்சினன் சோலைராஜ் கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கார்டும் கிடையாது, நோட்டீஸ் படிக்கிற பழக்கமும் கிடையாது.

செல்லக்கனி பழம் வாங்கிக்கொண்டு தங்கையைப் பார்க்கப் போனாள். வெள்ளைத்தாய் தலையணைக்கடியிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்துப் போட்டாள்.

"இது ஒம் பேருதான?"

"ஏட்டி, நான் எழுதுனது வேற. அவன் வெட்டிட்டான். மாப்ள தாராளமா நிக்கலாம். மனு எழுதித் தாரேன், கையெழுத்துப் போடு."

"ஒன் எழுத்த நம்புனது ஒருக்கா போதும். நீ வாயால சொல்லுத, அது அச்சுல கெடக்கு. இருக்க கார்டையும் போக்கிராத."

ஒன்றரை வருடம் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. வெள்ளைத்தாய் ஊன்றுகோலோடு நடந்தாள். பருத்திப்பால் காய்ச்சும் அண்டா வீட்டில் கவிழ்ந்து கிடந்தது. கார்டின் காலம் 2025 பங்குனியில் முடிகிறது. அதற்குள் இடம் திரும்பாவிட்டால், பிறகு சோலைராஜிடம் போய் நியாயம் பேச ஆதாரம் ஒன்றும் இருக்காது.

செல்லக்கனி மாரடித்துக்கொள்கிற ஆள் இல்லை. மடவார் வளாகத்திலிருந்து தினமும் நடந்து வருவாள், தட்டச்சு செய்வாள், விஜயபாண்டி நாசமாய்ப் போக வேண்டும் என்று வைத்தியநாதசாமியிடம் சொல்லிவிட்டு நடந்து போவாள். சாமி தாமதித்தது.

2024 வைகாசியில் விஜயபாண்டியே வந்தார். நகர விற்பனைக் குழுவுக்கு வியாபாரிகளின் பிரதிநிதித் தேர்தல் வரப்போகிறது, அவர் நிற்கிறார்.

"இந்தத் தடவ நோட்டீஸ் இல்ல தங்கச்சி. புஸ்தகம். வீட்டுக்கு ஒண்ணு குடுக்கணும். நல்லா வெவரமா போடு."

"இடம் பத்துமா அண்ணாச்சி?"

"எம்புட்டு பக்கம் வேணாலும் போடு. மொத அட்டையில மட்டும் போட்டோ பெருசா வரணும்."

அவர் போனதும் பக்கத்து ஜெராக்ஸ் கடை அப்ரோஸ் பேகம் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, இவ்வளவு சிரிச்ச முகமா பேசிட்டு இருந்தீங்க? அந்தாளுதான?"

"அவனேதான்."

"வெசத்தக் கலந்துருங்க."

"கலக்க மாட்டேன். முழுசா ஊத்தப் போறேன்."

பத்து நாள் எடுத்துக்கொண்டாள். இடப்பக்கம் ஆங்கில மூலம், வலப்பக்கம் தமிழ். ஆங்கிலத்தில் ஒரு பிரிவு ஒரே வாக்கியமாக அரைப்பக்கம் ஓடும். நடுவே அரைப்புள்ளி, அதன் பின் "ஆயின்" என்று விதிக்கு விலக்குச் சொல்லும் ஒரு காப்புரை, அதற்குள் இன்னொரு பிரிவின் எண். சாதாரண ஆள் எண்ணைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிடுவான். அதனால் எண் வந்த இடத்திலெல்லாம் அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்பதை அங்கேயே ஒரு வரியில் எழுதினாள். கணவனா பிள்ளையா, யார் நடத்துவது என்று தகராறு வந்தால் "இருபதாம் பிரிவின் குழு" தீர்க்கும் என்கிறது சட்டம். அவள், "குறைதீர்க்கும் குழு, நீதிபதியாக இருந்த ஒருவர் அதன் தலைவர்" என்று போட்டாள். விதியைப் பெரிய எழுத்தில் வைத்து, விலக்கை அதே அளவு எழுத்தில் "ஆனால்" என்று தொடங்கிக் கட்டம் கட்டினாள்.

உறுதிமொழியின் மற்ற இரண்டு பகுதிகளை எழுதும்போது விசைகள் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தன. "எனக்கு வேறு பிழைப்பு இல்லை." லாட்ஜ். "கார்டையோ இடத்தையோ வாடகைக்கு உட்பட எந்த விதத்திலும் பிறருக்கு மாற்றிக் கொடுக்க மாட்டேன்." விஜயபாண்டி பெயரிலுள்ள இடத்தில் ஒருவர் வாடகை கொடுத்துப் பூ விற்பது ஊருக்கே தெரியும்.

சிக்கல் பத்தாம் பிரிவில் வந்தது. நிபந்தனையை மீறினால் கார்டு "ரத்து செய்யப்படும்" என்று அடித்தாள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் இருப்பது கட்டாயம் இல்லை. நகராட்சி ரத்து செய்யலாம், அல்லது நிறுத்தி வைக்கலாம். அதன் காப்புரையோ, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் எதுவும் செய்யக் கூடாது என்கிறது. அடுத்த பிரிவு மேல்முறையீட்டுக்கும் வழி விடுகிறது.

"இத விட்டுருங்கக்கா" என்றாள் அப்ரோஸ் பேகம். "ஒங்க தங்கச்சிக்கு அவன் விட்டானா?"

"விட்டா அவன் வக்கீலு மொதல்ல அதத்தான் புடிப்பான். மொத்தப் புஸ்தகமும் பொய்யின்னு ஆயிரும். ஓட்டையே இருக்கக் கூடாதுட்டி. அவன் தப்பிக்க உள்ள வழியும் அதுல இருக்கணும். அம்புட்டும் இருந்தும் அவன் தப்பிக்காம இருக்கணும்."

"செய்யப்படும்" என்பதை அழித்து "செய்யலாம்" என்று அடித்தாள். நல்லவள் என்பதால் செய்ததல்ல இது. அந்த ஒரு சொல்லை அழித்த அன்று இரண்டு பேரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள்.

விஜயபாண்டி மாதிரிப் பிரதியைப் பார்க்க வந்தார். அட்டையைப் பார்த்தார், முன்னுரையில் தன் பெயரை மூன்று இடத்தில் எண்ணினார், மீசை கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்றார். உள்ளே விரலால் ஓட்டியவர் கட்டங்களைக் கண்டு மகிழ்ந்தார்.

"டிசைன் நல்லாருக்கு."

"எல்லாம் 'ஆனால்'தான் அண்ணாச்சி" என்றாள் செல்லக்கனி. "வெளியீடுன்னு ஒங்க பேரப் போடவா?"

"பொறவு? வேற யாரு பேர?"

ஆனி மாதம் சங்கக் கூட்டத்தில் புத்தகம் கொடுக்கப்பட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இருளப்பசாமி ஏழாம் பக்கத்தை விரல் வைத்து இரண்டு முறை படித்தான். பிறகு எழுந்தான்.

"அண்ணாச்சி, பொண்டாட்டி நோயில விழுந்தா புருஷன் நடத்தலாம்னு போட்டுருக்கே."

"அது ஒம் மதினி தப்பா அடிச்சிருக்கா. ஒக்காருலே."

"பக்கத்துலயே இங்கிலீசுல இருக்கே. தம்பி, நீ காலேசுதான, வாசி." பக்கத்திலிருந்தவன் வாசித்து முடித்ததும் இருளப்பசாமியே தொடர்ந்தான். "ரெண்டும் ஒண்ணுதான். ஒங்க போட்டோ போட்ட புஸ்தகம். அச்சுல கெடக்கு."

அதற்குள் ஒரு வெள்ளரிக்காய்க்காரி எட்டாம் பக்கத்துக்குப் போய்விட்டாள். "வேற பொழப்பு இருக்கக் கூடாதாம்ல! லாட்ஜு பொழப்பா, இல்ல நேர்த்திக்கடனா அண்ணாச்சி?" மண்டபம் சிரித்தது. பூக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வாடகை பற்றிய வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைத்தாயின் கார்டு மறுநாளே இருளப்பசாமி கைக்கு வந்தது. இடத்தைத் திரும்பக் கேட்டு ஒன்று, விஜயபாண்டியின் கார்டைப் பற்றி ஒன்று என இரண்டு மனுக்கள் நகராட்சிக்குப் போயின. சோலைராஜுக்குக் கார்டு இல்லாவிட்டாலும் முப்பது நாள் அறிவிப்பு இல்லாமல் எழுப்பக் கூடாது. அதையும் செல்லக்கனிதான் எழுதியிருந்தாள். அதனால் முப்பது நாளும் காலண்டரில் தேதி அடித்தாள். முப்பத்தோராம் நாள் கூழ்ப்பானை கிளம்பியது, அண்டா வந்தது. விஜயபாண்டியை அழைத்து விசாரித்தார்கள். லாட்ஜ் தன்னுடையது இல்லை, பெயர்ப்பலகையில் மட்டும் தன் பெயர் என்றார். பூக்காரர் வேறு சொன்னார். அவர் கார்டு ரத்தாயிற்று, தேர்தலிலும் நிற்க முடியவில்லை. மேல்முறையீடு செய்தார். அதற்கான வழி அவர் புத்தகத்திலேயே பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. மேல்முறையீடும் தள்ளுபடியானது.

வெள்ளைத்தாய் ஒரு தூக்குவாளி பருத்திப்பால் கொடுத்தனுப்பினாள். கூடவே சொல்லியும் விட்டாள்: "அக்காட்டச் சொல்லுங்க, இந்தத் தடவ எழுத்து சரியா இருந்துச்சு." செல்லக்கனி அதைக் குடித்துக்கொண்டே, ராஜபாளையத்திலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் விஜயபாண்டி இளைத்துவிட்டாரா என்று விசாரித்தாள். கொஞ்சம் என்றார்கள். போதாது என்றாள்.

அவள் செய்தது இது: ஐந்து, பத்து, பதினொன்று, பதினெட்டு, இருபது ஆகிய பிரிவுகளை ஒரு காப்புரையும் விடாமல் தமிழில் எழுதி, அதை விஜயபாண்டியே அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்கும்படி செய்தாள்.